பிரியம்வதாவின் முழு முகவரி

பிரியம்வதாவுக்கு ஏதாவது அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் அமலாவுக்குக் கொல்கத்தா கரியாஹாட் கடைத்தெருவில்தான் வந்தது. ஆகஸ்ட் முதல் வாரம். துர்கா பூஜைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தும் நடைபாதையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். ஒரு கடையில் சாம்பல் நிறத்தில் அரக்குக் கரை போட்ட கைத்தறிச் சேலை ஒன்றை விரித்துக் காட்டினார்கள். விடுதி அறை வாசலில் பன்னிரண்டு மணி வெயிலில் ஈரத்தலையோடு நின்று, இதே மாதிரி ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு ரயிலேறிப் போன பிரியம்வதாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. யோசிக்காமல் வாங்கிவிட்டாள். பிரியம்வதாவின் மகள் அனன்யாவுக்கு ஒரு கவுன். அதை அமலாவின் மகள் ஹர்ஷினி தேர்ந்தெடுத்தாள். இருவருக்கும் ஒரே வயது, பன்னிரண்டு.

திருச்சியில் கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவர்கள் இருவரும். பிறகு பிரியம்வதா கௌசிக்கைக் கல்யாணம் செய்துகொண்டு அயர்லாந்துக்குப் போனாள். அமலா, மத்திய அரசு ஊழியரான ஜெய்ராமைக் கட்டிக்கொண்டு, அவருக்கு மாற்றல் வந்த ஊருக்கெல்லாம் போனாள். போபால், விசாகப்பட்டினம், இப்போது நான்கு வருஷமாகக் கொல்கத்தா. சால்ட் லேக் அரசுக் குடியிருப்பில் மூன்றாம் மாடி. ஒவ்வொரு ஊரிலும் ஒரு வேலையை விட்டுவிட்டு வந்து, கடைசியில் வீட்டிலிருந்தபடி பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரியம்வதாவிடமிருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்று மின்னஞ்சல் வரும். வாட்ஸ்அப்பில் அவள் இல்லை. பிடிக்கவில்லை என்று ஒருமுறை எழுதியிருந்தாள். அமலாவும் அதற்குமேல் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியைத் திறந்து எழுதினாள்: "உனக்கும் அனன்யாவுக்கும் ஒரு சின்னப் பார்சல் அனுப்பப் போகிறேன். டப்ளின் வீட்டு முகவரிதானே இன்னும்?"

ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாவது நாள் வந்தது நீளமான பதில். அமலா அதை அடுக்களையில் நின்றுகொண்டே படித்தாள். குக்கர் மூன்று விசில் அடித்ததும் தெரியவில்லை.

"அமலா, நான் டப்ளினில் இல்லை. இரண்டு வருஷமாகிறது. அனன்யாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கௌசிக்கைப் பற்றி உனக்கு நான் எழுதியதெல்லாம் பொய். நல்ல மனிதன் என்றுதான் எல்லோருக்கும் தெரியும், அப்படியே தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். என் இடது காது இப்போதும் சரியாகக் கேட்பதில்லை. அதோடு நிறுத்திக்கொள்கிறேன். கார்க் என்ற ஊரில் ஒரு மருத்துவமனையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. அம்மா அப்பாவிடம் அவனுக்கு வேலை மாற்றல் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அப்பா பைபாஸ் பண்ணிக்கொண்டவர். இந்த ஊர் பெயரே கும்பகோணத்தில் என் வீட்டிலும் அவன் வீட்டிலும் யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் எழுதுகிறேன். பார்சல் வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே."

அமலா அன்று முழுக்க வேலை செய்யவில்லை. இரண்டு வருஷம் பிரியம்வதா தனியாக இதைச் சுமந்திருக்கிறாள், தனக்குத் தெரியவில்லையே என்று இருந்தது. அதனால்தான் அந்தப் பார்சலை அனுப்பியே ஆக வேண்டும் என்று தோன்றிற்று. முன்பு அது வெறும் சேலை. இப்போது அது, நான் இருக்கிறேன் என்று சொல்வது. இப்படித்தான் அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிரியம்வதா வேண்டாம் என்று எழுதியிருந்தாள் என்பதை அவள் பிறகுதான், எல்லாம் முடிந்த பிறகுதான், மறுபடி படித்தாள்.

"யாருக்கும் தெரியாது. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதினாள். "அனன்யாவுக்கு ஹர்ஷினி ஆசையாக எடுத்தது. மறுக்காதே."

இரண்டு நாள் கழித்து பிரியம்வதா முகவரியை அனுப்பினாள். தொலைபேசி எண் இல்லை.

தபால் நிலையத்தில் கவுன்ட்டரில் இருந்த பெண் படிவத்தைத் திருப்பி நீட்டினாள். "தீதி, வாங்கறவங்க போன் நம்பர் லாக்பே, வேணும்" என்று வங்காளமும் இந்தியும் கலந்து சொன்னாள். வெளிநாட்டு ஸ்பீட் போஸ்டுக்கு எல்லா விவரத்தையும் கணினியில் ஏற்ற வேண்டும், எண் இல்லாவிட்டால் ஏறாது. அங்கே சுங்கத்தில் நின்றுவிட்டாலும் கூப்பிட எண் வேண்டும். உள்ளே என்ன, எத்தனை, என்ன மதிப்பு என்று தனித்தனியாக எழுத வேண்டும். பெட்டியை மூடாமல் கொண்டுவர வேண்டும். இனிப்பு இருக்கிறதா என்று கேட்டாள். பால் சேர்த்தது எதுவும் அந்தப் பக்கம் போகாது என்றாள். "முகவரியைக் கையால எழுதாதீங்க. பிரின்ட் எடுத்து ஒட்டுங்க. எழுத்து புரியாம நிறைய திரும்பி வருது."

அமலா வீட்டுக்கு வந்து, மெய்ப்புப் பார்க்கிறவளுக்கே உரிய கவனத்தோடு, ஒரு புதிய மின்னஞ்சல் எழுதினாள். முன் எழுதிய கடிதங்களின் வால் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது என்றுதான் புதியது. பெயர் ஒரு வரி. அபார்ட்மென்ட் எண்ணும் கட்டடத்தின் பெயரும் ஒரு வரி. தெரு. ஊர். பிறகு ஏர்கோட். அது அந்த நாட்டுப் பின்கோடு. ஆனால் நம் ஊர் பின்கோடு போல ஒரு பேட்டைக்கே பொதுவானது அல்ல, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி. அந்த ஏழு எழுத்தை மட்டும் மேப்பில் போட்டால் வாசல் கதவு வரை கொண்டு விட்டுவிடும். பிரியம்வதாவே அதை விளக்கி எழுதியிருந்தாள்.

"கீழே இருப்பதை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து உறுதி செய். பார்சலில் இப்படியே அச்சாகும். தொலைபேசி எண் கட்டாயம் வேண்டுமாம். படிவத்துக்கு மட்டும்தான்."

மறுநாள் காலை பதில் இருந்தது. "எல்லாம் சரி. எண்ணைக் கீழே சேர்த்திருக்கிறேன். முன்னால் +353 போட்டால் அதற்கடுத்த பூஜ்யத்தை எடுத்துவிட வேண்டும், மறந்துவிடாதே. நன்றி டி." அவ்வளவுதான். அதில் கௌசிக் பெயரில்லை, கதையில்லை. ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு எண். யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

அதனால்தான் அமலா அதை அப்படியே ஜெய்ராமுக்கு அனுப்பினாள். வீட்டு அச்சுப்பொறியில் மை தீர்ந்து மூன்று மாதமாயிருந்தது.

சாயங்காலம் அவர் இரண்டு தாளாக அச்செடுத்துக்கொண்டு வந்தார்.

"கார்க்னு போட்டிருக்கு? டப்ளின்ல இல்ல இருந்தாங்க?"

"வேலை மாறிட்டா."

"கௌசிக்குமா?"

"தெரியலங்க. கேக்கல." அமலா தாளை வாங்கிக்கொண்டாள். "இந்த அட்ரஸ யாருக்கும் குடுக்காதீங்க. அவளுக்குப் பிடிக்காது."

"நான் யாருக்குக் குடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

மறுநாள் பார்சல் போயிற்று. பெட்டியில் சேலை, கவுன், வங்காளத்துப் படங்கள் போட்ட ஒரு கதைப் புத்தகம். ஆதார் நகலைக் கொடுத்து, பரிசு என்ற கட்டத்தில் குறி போட்டு, மதிப்பை உள்ளபடியே எழுதினாள்; நாற்பத்தைந்து யூரோவுக்குள் அடங்கிற்று. அதைத் தாண்டினால் வாங்குகிறவள் வரி கட்ட வேண்டியிருக்கும். கவுன்ட்டர் பெண் ரசீதில் பார்சல் எண்ணைச் சுழித்துக் காட்டினாள். அமலா அந்த எண்ணைத் தினமும் பார்த்தாள். டில்லி. டப்ளின். கார்க். பதினோராம் நாள், சேர்ந்தது என்று காட்டிற்று.

அனன்யா அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு எடுத்த படம் ஒன்று வந்தது. முகம் தெரியாமல், கழுத்துக்குக் கீழே மட்டும். "முகம் போடவில்லை, பழக்கமாகிவிட்டது. சேலையை இன்னும் பிரிக்கவில்லை, பெட்டியோடு கட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறேன்" என்று பிரியம்வதா எழுதியிருந்தாள். அமலாவுக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. அந்த வருஷம் அவள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைத்தாள்.

ஜெய்ராமின் அக்கா கலா கும்பகோணத்தில் இருந்தாள். அவள் மகன் சந்தீப்புக்கு அயர்லாந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது ஏப்ரலிலேயே எல்லோருக்கும் தெரியும். எந்த ஊர் என்று அமலா கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணி பேசினால் அமலா பாதிதான் கேட்பாள். செப்டம்பர் தொடக்கத்தில் பையன் கிளம்ப வேண்டும், தங்க அறை கிடைக்கவில்லை. அங்கே அறைக்கு அவ்வளவு தட்டுப்பாடு. ஏஜென்ட் கையை விரித்துவிட்டான். கலா தம்பியைக் கூப்பிட்டு அழுதாள். அமலா இல்லாத நேரத்தில், அலுவலகத்துக்கு வந்த அழைப்பு அது.

ஜெய்ராமின் கைப்பேசியில் அந்த அச்சுத்தாளின் கோப்பு இருந்தது. சந்தீப் போகிற ஊரும் அதே. கார்க். அவர் அதைத் திரையில் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினார்.

அதைப் பற்றி அமலாவுக்குத் தெரிந்தது பூஜை சமயத்தில், அஷ்டமி அன்று மதியம்.

குடியிருப்புப் பந்தலில் டாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. ஹர்ஷினி வங்காளத் தோழிகளோடு சிவப்புக் கரைச் சேலை கட்டிக்கொண்டு புஷ்பாஞ்சலிக்குப் போய்விட்டுத் திரும்பவில்லை. அமலாவின் கைப்பேசியில் வெளிநாட்டு எண். எடுத்தாள்.

"அமலா?"

பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். அமலா பால்கனிக் கதவைச் சாத்தினாள், மேளச் சத்தம் குறையட்டும் என்று. "பிரியம்? நீயாடி? என்ன, திடீர்னு..."

"ஒரே ஒரு விஷயம் கேக்கணும். என் அட்ரஸ யாருக்குக் குடுத்த?"

"யாருக்கும் குடுக்கலடி. நான்..."

"சந்தீப்னு ஒரு பையன். உன் வீட்டுக்காரரோட அக்கா பையனாம். ரெண்டு பெரிய பெட்டியோட வாசல்ல வந்து நின்னான். நான் டியூட்டில இருந்தேன். அனன்யா கதவத் தொறந்திருக்கா. தமிழ் பேசறானேன்னு."

அமலா உட்கார்ந்தாள்.

"அவன் மேல எனக்குக் கோவம் இல்ல" என்றாள் பிரியம்வதா. "பாவம், ரூம் இல்லாம அலஞ்சுட்டு வந்தான். அஞ்சு நாள் ஹால்ல படுத்திருந்தான். பாத்திரமெல்லாம் கழுவி வெச்சான். ஆன்ட்டி ஆன்ட்டின்னு இருந்தான். அவங்கம்மா எனக்கு எத்தனையோ தடவ போன் பண்ணியிருக்காங்க, இந்தியா நம்பர்னு நான் எடுக்கல. விடிகாலை நாலு மணிக்கு அடிக்கும். நான் பயந்துட்டேன். இவன் வந்து சொன்னப்பறம்தான் யாருன்னே தெரிஞ்சுது. இவன் நாங்க உப்புமா சாப்பிடறத ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பிட்டான். நான் கவனிக்கல."

"அப்பறம்?"

"அவங்க அத ஸ்டேட்டஸ்ல போட்டிருக்காங்க. கௌசிக்கோட அம்மா அவங்க தெருவுல தான் இருக்காங்களாம். எனக்கு இப்பதான் தெரியும். எங்க மருமகளும் பேத்தியும்தான் அது, ரொம்ப நாளா பேசல, அட்ரஸ் இருந்தா குடுங்கன்னு கேட்டிருக்காங்க. சந்தீப்போட அம்மா குடுத்திருக்காங்க. நீ பிரின்ட் எடுத்தியே, அந்தத் தாளோட போட்டோ. அதே தாள். கௌசிக் அதக் கையில வெச்சிருந்தான். எனக்குக் காட்டினான்."

"வந்தானா?" என்று கேட்டாள் அமலா.

"டப்ளின்லேருந்து ட்ரெய்ன்ல ரெண்டரை மணி நேரம்தானே. போன ஞாயித்துக்கெழம வந்தான். அனன்யா பாத்ரூமுக்குள்ள போய் உள்ள பூட்டிக்கிட்டா. மேல் வீட்டுக்காரங்க போலீஸக் கூப்பிட்டாங்க." பின்னால் ஏதோ கதவு திறந்து மூடிற்று. "எனக்கு ஒண்ணும் ஆகல. மணிக்கட்டுல கட்டு போட்டிருக்காங்க. அவ்வளவுதான். கோர்ட்டுக்குப் போயிருக்கேன். அந்த வீட்ட விட்டு வந்துட்டோம். இப்ப எங்க இருக்கோம்னு கேக்காத."

"பிரியம், நான் சத்தியமா..."

"நீ குடுத்திருக்க மாட்டேன்னு தெரியும். உன் வீட்டுக்காரர் எப்படிப் பாத்தாரு?"

அமலா சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்து சொன்னாள். "நான்தான் அனுப்பினேன். ப்ரின்ட் எடுக்க."



"நான் வேண்டாம்னு எழுதினேன்ல" என்றாள் பிரியம்வதா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். "சரி, வெக்கறேன். இது லைப்ரரி போன்."

ஜெய்ராம் பந்தலிலிருந்து வாழையிலைத் தொன்னையில் அம்மனுக்குப் படைத்த போக் எடுத்துக்கொண்டு வந்தார். கிச்சடி, லாப்ரா என்கிற காய்கறிக் கூட்டு, தக்காளிச் சட்னி. மேசையில் வைத்துவிட்டு, "இந்த வருஷம் நல்லாப் பண்ணியிருக்காங்க" என்றார்.

"பிரியம்வதா அட்ரஸ உங்க அக்காவுக்குக் குடுத்தீங்களா?"

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "சந்தீப்புக்கு. ரூம் இல்லாம தவிச்சான். நம்ம தெரிஞ்சவங்க அதே ஊர்ல இருக்காங்க. ஒரு வாரம் தங்க வெச்சுக்க மாட்டாங்களா?"

"யாருக்கும் குடுக்காதீங்கன்னு சொன்னேன்."

"யாருக்கும்னா, வேத்து ஆளுக்கு. அக்கா வேத்து ஆளா?"

அமலா நடந்ததைச் சொன்னாள். நின்றபடியே, ஒன்று விடாமல், காது முதல் மணிக்கட்டு வரை. அவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். முகம் மாறத்தான் செய்தது. அமலா அதைப் பார்த்தாள். ஆனால் அவர் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"இத நீ மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கணும். வேலை மாறிட்டான்னு சொன்னே. காரணம் தெரிஞ்சா நான் குடுத்திருப்பேனா?"

"சொல்லியிருந்தா அட்ரஸுக்கு முன்னாடி அந்த விஷயம் உங்க அக்காவுக்குப் போயிருக்கும்."

"என்ன பேசற நீ?"

"இதுவரைக்கும் நம்ம வீட்ல நடந்த எது போகல? எனக்கு ரெண்டாவது கலைஞ்சது, எங்கப்பா வீட்டை வித்தது. எது போகல?"

அவர் சோபாவில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தார். கலாவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார், தான் ஒன்றும் மறைக்கவில்லை என்று காட்டுவதற்கோ என்னவோ.

"அட கடவுளே" என்றாள் கலா. "எனக்கெப்படிப்பா தெரியும்? அந்தம்மா தெருமுனையில வெச்சுக் கண்ணுல தண்ணி விட்டாங்க. பேத்தியப் பாத்து ரெண்டு வருஷம் ஆச்சுன்னாங்க. பெத்தவளா இருந்து பாத்தா மனசு கேக்குமா? அட்ரஸ்தானே. நகையா கேட்டாங்க?"

"அண்ணி" என்றாள் அமலா. "அந்த அட்ரஸ் உங்களோடது இல்ல."

"சரிம்மா. தப்புதான். ஆனா ஒண்ணு சொல்றேன், புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். எங்க ஓடி ஒளிஞ்சாலும் ஒரு நாள் பேசித்தானே ஆகணும். ஒளிஞ்சிருந்தா சரியாயிடுமா?" பிறகு தம்பியிடம், "சந்தீப்புக்கு ரூம் கெடச்சாச்சுப்பா. மூணு பசங்களோட. உன் புண்ணியத்துல அவன் ரோட்டுல நிக்கல" என்றாள்.

அமலா ஸ்பீக்கரை அணைத்தாள்.

சந்தீப் மறுநாள் தானாகவே அமலாவைக் கூப்பிட்டான். "அத்தை, நான் போட்டோ அனுப்பியிருக்கக் கூடாது" என்றான். அவன் அழுவது தெரிந்தது. "அம்மா நல்லா சாப்பிடறியான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அதான் எடுத்தேன். ஆன்ட்டி வீட்டுக்கு நேத்து போனேன். பூட்டியிருக்கு. கீழ் வீட்டுக்காரங்க போயிட்டாங்கன்னு சொன்னாங்க. அனன்யாவோட ஸ்கூல் எதுன்னு எனக்குத் தெரியும். அங்க போய்க் கேக்கட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் அமலா. "அந்த ஸ்கூல் பேரையும் யார்கிட்டயும் சொல்லாத. உங்கம்மாகிட்டயும்."

"சொல்லிட்டேனே அத்தை. முன்னாடியே."

அமலா பிரியம்வதாவுக்கு ஆறு மின்னஞ்சல் எழுதினாள். முதலாவது மிக நீளம். அதில் ஜெய்ராம் மேலும் கலா மேலும் பழியை அடுக்கியிருந்தாள். இரண்டாவதில் தன் மேல் போட்டுக்கொண்டாள். மூன்றாவதில் சந்தீப் சொன்ன பள்ளி விவரம் மட்டும், எச்சரிக்கையாக. மீதி மூன்றும் ஒவ்வொரு வரி. அக்டோபர் கடைசியில் ஒரே ஒரு பதில் வந்தது.

"பள்ளியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. மாற்றிவிட்டேன். அனன்யாவுக்கு இது மூன்றாவது பள்ளி. சேலைப் பெட்டி அந்த வீட்டிலேயே நின்றுவிட்டது, இரண்டு பைதான் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். உன் மேல் கோபமில்லை என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. இந்த மின்னஞ்சல் முகவரியை மூடுகிறேன்."

அதற்கு அமலா எழுதிய பதில், அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது.

வீட்டில் பெரிதாக எதுவும் உடையவில்லை. ஜெய்ராம் வேளாவேளைக்கு அலுவலகம் போனார், வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே அச்சுப்பொறிக்கு மை வாங்கி வந்து மாட்டினார். அமலாவிடம், "நான் வேணும்னு பண்ணலியே" என்றார். இல்லை என்றாள் அவள். வேண்டுமென்று யாரும் எதையும் செய்யவில்லை என்பது அவளுக்கும் தெரியும். கலா வேண்டுமென்று செய்யவில்லை, சந்தீப் செய்யவில்லை, தானும் செய்யவில்லை. அது தெரிந்ததால் ஒன்றும் லேசாகவில்லை. அவள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றினாள். அதற்குப் பிறகு அவரிடம் எந்தத் தாளையும் அச்செடுக்கக் கொடுக்கவில்லை, மின்சாரக் கட்டண ரசீதைக்கூட.

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு பிரியம்வதாவின் அம்மா கூப்பிட்டாள். கல்லூரி நாட்களில் தீபாவளிக்கு அமலா அவர்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள்.

"அமலா, நல்லாயிருக்கியாம்மா? உன் நம்பர கலாம்மாதான் குடுத்தாங்க."

"சொல்லுங்கம்மா."

"பிரியா எங்ககிட்ட பேசறதே இல்ல. வாரா வாரம் கூப்பிடுவா, இப்ப அதுவும் நின்னு போச்சு. அவங்கப்பா சோறு எறங்காம படுத்திருக்காரு. தனியா இருக்கான்னு இப்பதான் எங்களுக்கே தெரியும். ஊரே பேசுது. நீயாச்சும் சொல்லு, அவ எங்க இருக்கா?"

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாம இருக்குமா? உனக்கு மட்டும்தானே எழுதுவா."

"முன்னாடி எழுதினா. இப்ப எழுதறதில்ல. சத்தியமா தெரியாது."

அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு யாரிடமோ மெதுவாக, தெரியாதாம் என்று சொல்வது கேட்டது. "மாப்பிள்ளை வந்திருக்காரு. லீவு போட்டுட்டு இதுக்காகவே வந்திருக்காரு. கால்ல விழாத குறையா மன்னிப்புக் கேட்டாரும்மா. நீ அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசு."

வேண்டாம் என்று அமலா சொல்வதற்குள் கை மாறிவிட்டது.

"அமலா, எப்படி இருக்கீங்க? ஜெய்ராம் சார் சௌக்கியமா?" கௌசிக்கின் குரல் நல்ல குரல். கல்யாணத்தன்று அமலாவும் தோழிகளும் அதைப் பற்றிப் பேசிச் சிரித்திருக்கிறார்கள். "நான் உங்கள எதுவும் கட்டாயப்படுத்தல. அனன்யா எப்படி இருக்கான்னு தெரிஞ்சா போதும். பெத்தவன் இல்லையா?"

"எனக்குத் தெரியாது."

"பரவால்ல" என்றான். அவன் சிரித்த மாதிரி இருந்தது. "போன தடவையும் உங்க வீட்லேருந்துதானே கெடச்சுது. அடுத்த தடவையும் கெடச்சா சொல்லுங்க."

அமலா அணைத்துவிட்டாள். அந்த எண்ணைத் தடை செய்தாள். இரண்டு முறை தவறாக அழுத்தி, மூன்றாம் முறைதான் முடிந்தது. அந்த அம்மாளின் எண் அது, கௌசிக்குடையது அல்ல என்பது அதற்குப் பிறகு உறைத்தது. என்றாலும் அவள் அதை நீக்கவில்லை.

ஜெய்ராம் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டு, "யாரு?" என்று கேட்டார்.

அமலா அவரைப் பார்த்தாள். சொன்னால் அவர் வருத்தப்படுவார் என்று அவளுக்குத் தெரியும். உண்மையாகவே வருத்தப்படுவார். மத்தியானத்துக்குள் அக்காவிடமும் சொல்லி வருத்தப்படுவார்.

"ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டு, மேசையில் காத்திருந்த ஐந்தாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தின் மெய்ப்பை எடுத்து, நேற்று விட்ட இடத்திலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.